காய்ச்சாத பால் குடிக்கலாமா? பாஸ்டுரைசேஷன் பாலில் எதை மாற்றுகிறது?

"வில்லியனூர் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாட்டு மாட்டுப் பால் கண்ணாடி பாட்டிலில் வருகிறது. காய்ச்சினால் சத்து போய்விடும், கறந்தபடியே குடியுங்கள் என்று சொல்கிறார்கள். நானே நேரில் போய்ப் பார்த்தேன், மாடுகள் சுத்தமாக, திடமாக இருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே கொடுக்கலாமா? பாக்கெட் பால் 'சத்து செத்த பால்' என்கிறார்களே, உண்மையா?"

கொடுக்க வேண்டாம். அதற்காகப் பண்ணைப் பாலை நிறுத்தவும் வேண்டாம். அதே பாலை ஒரு கொதி விட்டுக் கொடுங்கள், போதும். பாக்கெட் பால் செத்த பால் என்பது உண்மையில்லை. ஆலையில் பாலுக்குக் கொடுக்கும் சூடு நாம் அடுப்பில் கொடுக்கும் சூட்டைவிடக் குறைவு. பால் ஆலை ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் "மாடு சுத்தமாக இருக்கிறது" என்பதை எடுத்துக்கொள்வோம். சுத்தமான தொழுவம் நல்ல விஷயம்தான். சாணியும் மூத்திரமும் தெறிக்காத மடியிலிருந்து கறந்த பாலில் ஈ.கோலை, சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரியான குடல் கிருமிகள் குறைவாக இருக்கும். குறைவாக இருக்கும், அவ்வளவுதான். இல்லவே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கறவைக்காரர் எவ்வளவு கழுவினாலும் காம்பு தொழுவத்துக்குள்தானே இருக்கிறது. இதையாவது சுத்தத்தால் குறைக்கலாம். வெளியிலிருந்து வராமல் மாட்டின் உடம்புக்குள்ளிருந்தே பாலில் இறங்கும் கிருமிகளுக்குத் தொழுவச் சுத்தம் தடையே இல்லை. நம் ஊரில் இதில் முக்கியமானது புரூசெல்லா. கன்று வீச்சு நோய் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

அது எப்படி வீட்டுக்குள் வரும் என்று பார்ப்போம். பாகூர் பக்கம் ஒரு வீடு, நான்கு மாடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடு ஏழாம் மாதச் சினையில் கன்றை வீசிவிடுகிறது. நஞ்சுக்கொடியும் சரியாக விழவில்லை. வீட்டுக்காரர் வெறுங்கையால் அதை எடுத்து எருக்குழியில் போடுகிறார். "வெயில் தாங்கல, அதான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த சினையில் அதே மாடு ஒழுங்காகக் கன்று போடுகிறது. இங்கேதான் ஏமாந்து போகிறோம். இந்த நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் கன்று வீசும். அதற்கப்புறம் பார்க்க நல்ல மாடு, நன்றாகத் தின்னும், கறக்கும். ஆனால் கிருமி மடியிலும் அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கட்டிகளிலும் உட்கார்ந்துகொண்டு, விட்டு விட்டு வருடக்கணக்கில் பாலில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாலில் நிற மாற்றம் இருக்காது, வாடை இருக்காது, திரியாது. லாக்டோமீட்டரில் சரியாக நிற்கும், கொழுப்புச் சோதனையிலும் நல்ல அளவு காட்டும். சொசைட்டியில் நல்ல பால் என்றே வாங்கிக்கொள்வார்கள். ஆலைக்குப் போனதும் சூட்டில் கிருமி செத்துவிடுவதால் அந்த வழியில் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் காலையில் கறந்த சூட்டோடு, நுரையோடு ஒரு டம்ளர் குடிக்கிறது. இரண்டு, மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வருகிறது. சாயங்காலம் ஏறுகிறது, ராத்திரி போர்வை நனைய வியர்த்துக் கொட்டுகிறது, காலையில் இறங்கிவிடுகிறது. இடுப்பிலும் மூட்டிலும் வலி. மாத்திரையில் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது. முதலில் வைரல் காய்ச்சல் என்பார்கள், அப்புறம் டைபாய்டு என்பார்கள். காய்ச்சல் வாரக்கணக்கில் இழுத்த பிறகுதான் யாராவது ஒரு மருத்துவர் "வீட்டில் மாடு இருக்கா? காய்ச்சாத பால் குடிப்பீங்களா?" என்று கேட்பார். அதற்கான தனி ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால்தான் நோய் தெரியும், வழக்கமான பரிசோதனைகளில் பிடிபடாது. சிகிச்சையும் மூன்று நாள் மாத்திரையில் முடியாது. பெரியவர்களுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்த்து ஆறு வாரம் கொடுப்பது வழக்கம். பாதியில் விட்டால் திரும்பி வரும். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இப்படி இழுக்கும் காய்ச்சல் இருந்தால், பச்சைப் பால் குடித்ததை மருத்துவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நாட்டு மாட்டுப் பால் ஏ2 பால், அதனால் அதில் இது வராது என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசீன் புரதத்தின் ஒரு வகை. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காங்கேயமானாலும் ஜெர்சி கலப்பானாலும் புரூசெல்லாவுக்கு ஒன்றுதான். மாட்டின் காசநோயும் இதே மாதிரி பாலில் இறங்கக்கூடியது.

சரி, இனி பாஸ்டுரைசேஷன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் பாலை ஏதோ மருந்து கலந்து மாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சூடு மட்டும்தான், வேறொன்றும் இல்லை. பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கலாம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைக்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்யும். குருமாம்பேட்டில் உள்ள பாண்லே மாதிரியான கூட்டுறவு ஆலைகளிலும் ஆவின் ஆலைகளிலும் பால் குழாயில் ஓடிக்கொண்டே சூடாவதால் இரண்டாவது முறைதான் வசதி. மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு ஒரு பக்கம் பால், மறுபக்கம் சுடுநீர். 72 டிகிரியைத் தொட்ட பால் ஒரு நீளக் குழாய்க்குள் போகும். அந்தக் குழாயைக் கடக்க 15 விநாடியாவது ஆகும்படி நீளத்தைக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். குழாயின் கடைசியில் ஒரு வால்வு. பாலின் சூடு அரை டிகிரி குறைந்தாலும் அந்த வால்வு திரும்பி, பாலை மறுபடி தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். சரியாக வந்த பால் அடுத்த தகடுகளில் 4 டிகிரிக்குக் குளிரும். பாலில் ஒரு பகுதி மட்டும் சூடாகி ஒரு பகுதி தப்பிவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

72, 63 என்ற எண்கள் சும்மா வந்தவை இல்லை. பாலில் வரக்கூடிய, நோய் தரும் கிருமிகளில் எது சூட்டை அதிகம் தாங்கும் என்று பார்த்து, அது சாகும் அளவுக்குக் கொஞ்சம் மேலே வைத்தது. முதலில் காசநோய்க் கிருமியை வைத்து அளவு குறித்தார்கள். கியூ காய்ச்சல் தரும் காக்ஸியெல்லா அதைவிடக் கொஞ்சம் அதிகச் சூடு தாங்குகிறது என்று தெரிந்ததும் 1950-களில் அமெரிக்காவில் அளவை ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்தினார்கள். புரூசெல்லா, லிஸ்டீரியா, சால்மொனெல்லா எல்லாம் அதற்கு முன்பே விழுந்துவிடுகிறவை.

சூடு சரியாகப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதுதான். பச்சைப் பாலில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்று ஒரு நொதி இயற்கையாகவே இருக்கிறது. நமக்கு அதனால் பயனும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனால் அது அழிய வேண்டிய சூடு, காசநோய்க் கிருமி சாக வேண்டிய சூட்டைவிடச் சற்றே அதிகம். அதனால் நொதி அழிந்திருந்தால் கிருமியும் செத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். பாலில் ஒரு ரசாயனத்தைக் கலந்து 37 டிகிரியில் வைப்போம். மஞ்சள் நிறம் வந்தால் நொதி உயிரோடு இருக்கிறது. பால் சரியாகச் சூடாகவில்லை, அல்லது சூடான பாலில் எங்கோ பச்சைப் பால் கலந்துவிட்டது. ஆயிரம் லிட்டரில் ஒன்றிரண்டு லிட்டர் பச்சைப் பால் கலந்தால்கூடக் காட்டிக்கொடுக்கும். பாக்கெட்டில் 'பாஸ்டுரைஸ்டு' என்று அச்சடிக்க வேண்டுமானால் இந்தச் சோதனையில் பால் தேற வேண்டும்.

"சூட்டில் நொதிகள் அழிகின்றன" என்று பச்சைப் பால்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பாஸ்பட்டேஸ் அழிகிறது. லாக்டோபெராக்ஸிடேஸ் என்ற இன்னொரு நொதி 72 டிகிரியில் பெரும்பாலும் தப்பிவிடுகிறது, 80-ஐத் தாண்டினால்தான் போகும். எப்படியானாலும் நம் செரிமானத்துக்குப் பால் நொதிகள் தேவையில்லை. வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதங்களோடு அவையும் செரித்துவிடும்.

சத்து விஷயத்துக்கு வருகிறேன். கால்சியம், கொழுப்பு, பால் சர்க்கரை ஆகியவை 72 டிகிரியில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. பாலின் முக்கியப் புரதமான கேசீனுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. மோர்ப் புரதங்களில், அதாவது பால் திரிந்தால் தெளிந்து நிற்கும் நீரில் இருக்கும் புரதங்களில், ஒரு சிறு பங்கு உருக்குலைகிறது. உருக்குலைவது என்றால் காணாமல் போவது இல்லை. மடிப்பு அவிழ்கிறது, அவ்வளவுதான். சத்தாக அதே அமினோ அமிலங்கள்தான் கிடைக்கும். வைட்டமின் ஏ, டி, பி2 ஆகியவற்றில் மாற்றம் பெரிதாக இல்லை. பி1, பி12, ஃபோலேட் ஆகியவற்றில் பத்து சதவீதத்துக்குள் குறையும். வைட்டமின் சி இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறையும். ஆனால் வைட்டமின் சி-க்காக யாரும் பால் குடிப்பதில்லை. ஒரு கொய்யாப் பழத்தில் கிடைப்பதில் சொற்பம்தான் ஒரு டம்ளர் பாலில் இருக்கிறது.

அடுப்பில் காய்ச்சும்போது நடப்பது இதைவிடப் பெரிய மாற்றம். நூறு டிகிரியை நெருங்கும்போது மோர்ப் புரதங்களில் பெரும்பகுதி உருக்குலைகிறது. பால் காய்ந்த வாசனை என்று நாம் சொல்வது, அந்தப் புரதம் அவிழும்போது வெளிப்படும் கந்தகச் சேர்மங்களால் வருவது. மேலே ஏடு படிவதும் இந்தப் புரதமும் கொழுப்பும் சேர்ந்துதான். அவிழ்ந்த புரதம் கேசீன் துகள்களின் மேல் போய் ஒட்டிக்கொள்வதால்தான் காய்ச்சி ஆற்றி உறை ஊற்றிய தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டியாக வருகிறது. பச்சைப் பாலில் உறை ஊற்றினால் தயிர் நீர்த்துப் போய், தண்ணீர் பிரிந்து நிற்கும். ஆரோவில் பக்கம் சீஸ் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு இதே விஷயம் தலைகீழாக வேலை செய்யும். பாலை நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால், ஒட்டிய புரதம், பாலைச் சீஸாக உறைய வைக்கும் ரென்னெட்டை வேலை செய்ய விடாது, கட்டி சரியாக விழாது. அதனால் காய்ச்சாமல் பாஸ்டுரைஸ் மட்டும் செய்தால் போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள்.

ஆக, தெருமுனைப் பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு, ஆலைப் பாலைச் செத்த பால் என்று ஒதுக்குவதில் கணக்கு உதைக்கிறது. சூட்டில்தான் சத்து சாகிறது என்றால் முதலில் நம் அடுப்பைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

பாக்கெட் பால் மேல் இந்தச் சந்தேகம் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே நியாயமாகக் கண்ணில் படுகிறவை. ஒன்று, ஏடு மெல்லியதாகத்தான் படிகிறது. கொழுப்பை அளவாகக் குறைத்துக் கொடுப்பதும், பல பாலில் கொழுப்பு உருண்டைகளை அழுத்தத்தில் உடைத்துச் சீராக்குவதும் அதற்குக் காரணம். நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்தை வாங்கிக் காய்ச்சிவிட்டு ஏடு வரவில்லை என்றால் என்ன செய்வது? இதில் எதற்கும் பாஸ்டுரைசேஷன் பொறுப்பு இல்லை. இன்னொன்று, பாக்கெட் பால் கெட்டால் புளிக்காமல் கசந்து நாறுகிறது. பச்சைப் பாலைப் புளிக்க வைக்கும் லாக்டிக் கிருமிகள் சூட்டில் செத்துவிடுவதால் இது நடக்கிறது. சூட்டைத் தாங்கும் வித்துகளும், அப்புறமாகப் பாலில் விழுந்து குளிரிலும் வளரும் கிருமிகளும் மிஞ்சி, புரதத்தை உடைத்துக் கசப்பாக்குகின்றன. அந்த நல்ல லாக்டிக் கிருமிகள் வேண்டும் என்றால் தயிரும் மோரும் இருக்கவே இருக்கின்றன. ஒரு கரண்டி தயிரில் இருப்பதில் ஒரு துளிகூடப் பச்சைப் பாலில் இருக்காது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் அடிக்கடி கேட்பது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி பச்சைப் பாலிலும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிறிய அளவில் ஒரு சோதனை நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். அப்படி வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே பச்சைப் பால், ஆலைப் பால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பாலால் தொல்லை குறையவில்லை.

எதிர்த்தரப்பில் தள்ளிவிட முடியாத ஒரு விஷயம் உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பண்ணைக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, காய்ச்சாத பண்ணைப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவாக இருந்தது. 2011-இல் வந்த ஆய்வு ஒன்று மோர்ப் புரதங்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சொன்னது. ஆனால் பண்ணையில் வளரும் பிள்ளையின் வாழ்க்கையில் பால் மட்டும் வேறாக இருப்பதில்லை. தொழுவம், வைக்கோல், மண் எல்லாமே வேறு. அந்த ஆராய்ச்சியாளர்களே பச்சைப் பாலைக் கொடுக்கச் சொல்லவில்லை. புதுச்சேரி நகரத்துக்குள் ஒரு மாடி வீட்டில் பாட்டிலில் வாங்கிக் கொடுத்தால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. கிருமி மட்டும் நிச்சயமாக அதே கிருமிதான்.

இதுவரை சூட்டின் பெருமையைப் பேசினேன். சூட்டால் முடியாததையும் சொல்ல வேண்டும். காய்ச்சிவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

உங்கள் பண்ணைப் பாலையே எடுத்துக்கொள்வோம். காலை நாலரைக்குக் கறக்கிறார்கள். கறக்கும்போது சூடு 38 டிகிரி, மில்லிலிட்டருக்கு 5,000 கிருமி என்று வையுங்கள். நல்ல சுத்தமான பால்தான். புதுப் பாலுக்கே கிருமியைத் தடுக்கும் ஒரு குணம் கொஞ்ச நேரம் இருக்கும், அதனால் முதல் இரண்டு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. அப்புறம் நம் ஊர் வெக்கையில் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று கணக்குப் போடுங்கள். பைக் பெட்டியில் சுற்றி வந்து, பத்தரை மணிக்கு நீங்கள் ஃபிரிட்ஜில் வைக்கும் வரை நான்கு மணி நேரம், எட்டு இரட்டிப்பு. 5,000 என்பது 12 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இதில் பெரும்பாலானவை காய்ச்சினால் செத்துவிடும். ஆனால் மாட்டுக்கு வெளியே தெரியாத மடிநோய் இருந்து, அதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் இருந்தால், அது பெருகும்போது பாலில் ஒரு நஞ்சையும் விட்டுவைக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு அப்படியே நிற்கும். அரை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் போகாது. குடித்தவருக்குச் சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். பால் திரியாமல் பொங்கியது, அதனால் நல்ல பால் என்று முடிவு செய்ய முடியாது. திரிவது புளிப்பைக் காட்டும், இந்த நஞ்சைக் காட்டாது. கறந்த பாலை உடனே குளிர வைப்பது காய்ச்சுவது அளவுக்கே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். கிராமத்துச் சொசைட்டிகளில் பாலை மொத்தமாகக் குளிர வைக்கும் பல்க் கூலர் வைப்பதும் இதற்குத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் 'பாக்கெட் பால்தானே, பாஸ்டுரைஸ் ஆனதுதானே' என்று வெளியில் கிடந்த பாலை நம்பக் கூடாது.

இன்னொன்று தீவனம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கடலைப் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. மழைக் காலத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால், அதிலுள்ள அஃப்லாடாக்சின் மாட்டின் ஈரலில் உருமாறி ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடும். இதைப் பாஸ்டுரைசேஷனும் போக்காது, அடுப்பும் போக்காது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88 மாதிரிகளில் இந்த நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். அதிலும் பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் நாடு முழுவதும் இது கூடுதலாகத் தெரிந்தது. அதனால் பாக்கெட் என்றாலே பத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். கிருமி விஷயத்தில் பத்திரம், அவ்வளவுதான். மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்தின் மிச்சமும் இதே மாதிரி சூட்டில் போகாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு விஷயத்திலும் தெரிந்த பண்ணையில் வாங்குவதற்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. தீவனம் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் நேரில் பார்க்க முடியும்.

அடுத்த முறை போகும்போது தொழுவத் தரையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், புண்ணாக்கு மூட்டை தரையில் ஈரத்தில் கிடக்கிறதா, பலகை மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாடாவது கன்று வீசியதா என்று கேளுங்கள். மாட்டின் காதில் 12 இலக்கம் போட்ட மஞ்சள் தோடு இருக்கிறதா, பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசி போட்டார்களா என்றும் கேட்கலாம். 2019-இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசம், வாழ்நாளில் ஒரு முறை போட்டால் போதும். கறந்ததும் பாலை எதில் குளிர வைக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் வந்ததும் ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல் உடனே காய்ச்சுங்கள். அடியில் பிடிக்காமல் கிளறிக்கொண்டே, மேலே எழும்பிப் பொங்கும் வரை விட்டால் போதும். பொங்கிய பிறகு பத்து நிமிடம் கொதிக்க விடுவதால் கிருமி விஷயத்தில் கூடுதல் லாபம் இல்லை, பி வைட்டமின்கள்தான் குறையும். ஒரே பாலைக் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று முறை கொதிக்க வைப்பதைவிட, ஒரு முறை காய்ச்சிப் பாத்திரத்தோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் சுடவைப்பது நல்லது.

காய்ந்த வாசனை பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, பண்ணைப் பாலின் ருசி அப்படியே வேண்டும் என்றால் ஆலை செய்வதை வீட்டிலும் செய்யலாம். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, மூடி, மெல்லிய தீயில் வைத்து அடிக்கடி கிளறுங்கள். பால் 63 டிகிரியைத் தொட்ட பிறகு கடிகாரம் பார்க்க ஆரம்பித்து, அரை மணி நேரம் அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் 60-க்கு இறங்கிவிட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் 65 அல்லது 66-இல் வைத்துக்கொள்வேன், வீட்டுத் தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் காட்டும். அப்புறம் ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் குளிர வையுங்கள். ருசி பச்சைப் பாலுக்கு மிக அருகில் இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாமல் விரல் வைத்துப் பார்த்து இதைச் செய்யக் கூடாது.

பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆலையிலிருந்து உங்கள் ஃபிரிட்ஜ் வரை குளிர் விடாமல் வந்திருந்தால் தேவையே இல்லை. ஆனால் விடியற்காலை கடை வாசலில் இறக்கிய டப்பில் எட்டு மணி வரை கிடப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதனால் ஒரு கொதி விடும் நம் வழக்கம் நல்ல வழக்கம்தான், விட்டுவிட வேண்டாம்.

நீங்கள் கேட்காத இரண்டு இடங்களிலும் பச்சைப் பால் நம் பிள்ளைகளின் வாய்க்குள் போகிறது. ஒன்று அபிஷேகப் பால். ஒரு துளி தீர்த்தத்தை நான் தடுக்க மாட்டேன், ஆனால் டம்ளரில் வாங்கிக் குடிக்கக் கொடுப்பதும், கர்ப்பிணிகள் குடிப்பதும் வேண்டாம். லிஸ்டீரியாவும் புரூசெல்லாவும் கருவைக் கலைக்கக்கூடியவை. இன்னொன்று மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியைக் காய்ச்சாத வெள்ளாட்டுப் பாலில் அரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பது. ஆட்டிலிருந்து வரும் புரூசெல்லா வகை மாட்டில் வருவதைவிடக் கடுமையானது, அதுவும் ஏற்கெனவே ஈரல் அடிபட்டிருக்கும் நேரத்தில் போகிறது. காமாலை என்றால் முதலில் மருத்துவரைப் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேலும் வீட்டுப் பெரியவர்கள் கீழாநெல்லி கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, காய்ச்சி ஆற்றிய பாலிலோ, காய்ச்சிய பாலில் உறை ஊற்றிக் கடைந்த மோரிலோ கலந்து கொடுக்கச் சொல்லுங்கள்.